பால் பாக்கெட், சேனல் பேக், பிரிண்டர் இங்க்: மூன்று விலை உத்திகளைப் பிரித்தறிவது எப்படி?

புதுப் பிரிண்டர் வாங்கினால் அட்டைப்பெட்டிக்குள்ளேயே ஒரு இங்க் கார்ட்ரிட்ஜும் இருக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே விலை. இது எந்த வகை விலை நிர்ணயம் என்று கேட்டால் வணிகவியல் மாணவர்கள் பலர் யோசிக்காமல் தொகுப்பு விலை, அதாவது பண்டில் பிரைசிங், என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. அந்த நிறுவனத்தின் வருமானம் பெட்டிக்குள் இருக்கும் கார்ட்ரிட்ஜில் இல்லை. அது தீர்ந்தபின் மாதாமாதம் வாங்கப்போகும் கார்ட்ரிட்ஜில்தான் இருக்கிறது. அதனால் இது பிணைப்புப் பொருள் விலை, பாடப்புத்தகம் சொல்லும் கேப்டிவ் புராடக்ட் பிரைசிங்.

பிலிப் கோட்லரின் சந்தையியல் நூல்களில் ஒரு நிறுவனத்தின் பல பொருட்களுக்குச் சேர்த்து விலை வைக்கும் உத்திகள் ஒரே தலைப்பின்கீழ் வருகின்றன. அவற்றில் பொருள் வரிசை விலை, பிணைப்புப் பொருள் விலை, தொகுப்பு விலை ஆகிய மூன்றும்தான் தேர்வில் மாணவர்களைக் குழப்புகின்றன. மூன்றிலும் ஒரே நிறுவனம் பல பொருட்களை விற்கிறது, ஒன்றின் விலை மற்றொன்றின் விற்பனையைத் தொடுகிறது. வரையறையை மனப்பாடம் செய்தவர்கூட உதாரணத்தை மாற்றிப் போட்டுவிடுவது இதனால்தான். பொருட்களைப் பார்க்காமல் வாங்குபவரைப் பார்த்தால் குழப்பம் தீரும். அவர் ஒன்றை எடுத்தால் மற்றதை விட்டுவிடுகிறாரா? இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே தொகைக்கு எடுக்கிறாரா? அல்லது ஒன்றை வாங்கிவிட்டதாலேயே மற்றதைத் தொடர்ந்து வாங்கியாக வேண்டியிருக்கிறதா?

ஒன்றை எடுத்து மற்றதை விடுவது பொருள் வரிசை விலை. தமிழ்நாட்டு மாணவருக்கு இதற்கு ஆவின் பாலைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2022 நவம்பரில் இருந்த நிலையைப் பாருங்கள். 3 விழுக்காடு கொழுப்புள்ள நீல பாக்கெட் லிட்டர் 40 ரூபாய், 4.5 விழுக்காடு கொழுப்புள்ள பச்சை 44 ரூபாய், 6 விழுக்காடு கொழுப்புள்ள ஆரஞ்சு 48 ரூபாய். ஒரே நிறுவனம், ஒரே பண்டம், மூன்று தரம். வீட்டுக்குப் பால் வாங்குபவர் இவற்றில் ஒன்றைத்தான் எடுப்பார். ஒவ்வொரு படிக்கும் இடையே சரியாக 4 ரூபாய். பொருள் வரிசை விலையில் நிறுவனம் உண்மையில் தீர்மானிப்பது இந்த இடைவெளியைத்தான். கொழுப்பு கூடினால் செலவு கூடும். அதோடு, கூடுதல் தரத்துக்கு இவ்வளவு கொடுக்கலாம் என்று வாங்குபவர் மனத்திலும் ஒரு கணக்கு இருக்கும். படியின் உயரம் இரண்டுக்கும் பொருந்த வேண்டும்.

அந்த நவம்பரில் ஆரஞ்சு பாக்கெட்டின் சில்லறை விலை மட்டும் 60 ரூபாயானது. அட்டைதாரர்களுக்குப் பழைய 46 ரூபாயே தொடர்ந்தது. நீலத்துக்கும் பச்சைக்கும் இடையே அதே 4 ரூபாய், பச்சைக்கும் ஆரஞ்சுக்கும் இடையே 16 ரூபாய். கொழுப்பில் இருப்பதோ இரண்டு படியிலும் ஒரே 1.5 விழுக்காடு வித்தியாசம். கடையில் வாங்கும் குடும்பம் இப்படி ஒரு படியைப் பார்த்தால் பச்சைக்கு இறங்குவது இயல்பு. அப்படி இறங்குபவர் நிறுவனத்தை விட்டுப் போவதில்லை, ஆனால் லாபம் குறைந்த பொருளுக்குப் போய்விடுகிறார். இடைவெளி மிகச் சிறியதாக இருந்தால் இதற்கு நேர்மாறாக எல்லோரும் உயர்ந்த ரகத்தையே எடுப்பார்கள், கீழ்ரகம் கடையில் தங்கிவிடும். ஒரு வரிசையில் விலை பிசகியிருக்கிறது என்பதை மொத்த விற்பனையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ரகங்களுக்கு இடையே வாடிக்கையாளர் நகர்வதை வைத்துத்தான் தெரியும். பின்னர் 2023 இறுதியில் சென்னையில் பச்சை பாக்கெட்டின் இடத்துக்கு, 3.5 விழுக்காடு கொழுப்புள்ள ஊதா நிற டிலைட் அதே 44 ரூபாய்க்கு வந்தது. விலைப் படி அப்படியே இருந்தது, அந்தப் படியில் வைத்த பொருள் மாறியது. வரிசை விலையைச் சரிசெய்ய இப்படியும் ஒரு வழி உண்டு.

அடுத்தது தொகுப்பு விலை. இதில் வாங்குபவர் எதையும் விடுவதில்லை, எல்லாவற்றையும் ஒரே தொகைக்கு எடுத்துக்கொள்கிறார். மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான் வரும். தள்ளுபடி கொடுத்தும் விற்பவர் ஏன் அதிகம் சம்பாதிக்கிறார் என்பதைக் காட்ட வேண்டும். ஒரு சிறு கணக்கு போதும். எண்கள் கற்பனை. ஒரு நிறுவனத்திடம் சீரியல் சேனல் ஒன்று, கிரிக்கெட் சேனல் ஒன்று. முதல் வீட்டில் சீரியலுக்கு 15 ரூபாயும் கிரிக்கெட்டுக்கு 6 ரூபாயும் கொடுக்கத் தயார். இரண்டாம் வீட்டில் சீரியலுக்கு 7, கிரிக்கெட்டுக்கு 15. தனித்தனியாக விற்றால் சீரியலுக்கு 15 ரூபாய் வைத்து ஒரு வீட்டில் விற்பதே நல்லது, ஏனென்றால் 7 ரூபாய் வைத்து இரு வீட்டிலும் விற்றால் 14தான் வரும். கிரிக்கெட்டுக்கும் அப்படியே 15. ஆக மொத்தம் 30 ரூபாய். இரண்டையும் கட்டாக 21 ரூபாய்க்கு வைத்தால் முதல் வீட்டுக்கு அந்தக் கட்டின் மதிப்பு 21, இரண்டாம் வீட்டுக்கு 22. இருவரும் வாங்குவார்கள். வருமானம் 42 ரூபாய்.

இந்த 12 ரூபாய் எங்கிருந்து வந்தது? இரு வீட்டாரின் ருசியும் எதிரெதிராக இருப்பதிலிருந்து. முதல் வீட்டாருக்கே இரண்டு சேனலும் 15 ரூபாய்க்குப் பிடித்து, இரண்டாம் வீட்டார் 7, 6 என்று மட்டும் மதித்திருந்தால், கட்டியும் 30 ரூபாய்க்குமேல் வராது. இன்னொரு வீட்டுக்குச் சேனலைக் கொடுக்க நிறுவனத்துக்கு ஏறக்குறையச் செலவே இல்லை என்பதும் இங்கே உதவுகிறது. சோப்பையோ அரிசியையோ இப்படிக் கட்டினால், விரும்பாதவருக்கும் அந்தச் சரக்கைக் கொடுத்த செலவு விற்பவர் தலையில் விழும்.

இந்தியாவில் இந்த உத்திக்குச் சட்ட வரம்பே உண்டு. தனிச் சேனல்களின் விலையை வேண்டுமென்றே உயர்த்தி வைத்து, பேக்கைத் தவிர வேறு எதையும் யாரும் வாங்க முடியாதபடி செய்ததுதான் காரணம். பேக்கில் உள்ள ஒவ்வொரு சேனலையும் தனியாகவும் விற்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. 2017ஆம் ஆண்டின் விதிகளில் பேக் தள்ளுபடிக்கு 15 விழுக்காடு உச்சவரம்பு இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் அந்த வரம்பு நிற்கவில்லை. 2022 நவம்பரில் வந்த திருத்தம் 45 விழுக்காடு என்று வைத்தது, 19 ரூபாய்க்குமேல் விலையுள்ள சேனலைப் பேக்கில் சேர்க்கக்கூடாது என்றது. தனி விலைகளின் கூட்டல் 40 ரூபாய் என்றால் பேக் 22 ரூபாய்க்குக் கீழே போக முடியாது. தனியாகவும் கிடைத்து பேக்காகவும் கிடைப்பது கலப்புத் தொகுப்பு. பேக்காக மட்டுமே கிடைத்தால் அது தூய தொகுப்பு. பத்து மதிப்பெண் கேள்வியில் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் எழுதுங்கள்.

இனி பிரிண்டர். பிணைப்புப் பொருள் விலையில் முதன்மைப் பொருள் மலிவாக வரும், அது ஓடத் தேவையான துணைப்பொருளில் லாபம் இருக்கும். மறுபடியும் ஒரு கற்பனைக் கணக்கு. கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் 4,000 ரூபாய், 180 பக்கம் வரும் கார்ட்ரிட்ஜ் 900 ரூபாய், ஆகப் பக்கத்துக்கு 5 ரூபாய். இங்க் டேங்க் பிரிண்டர் 11,000 ரூபாய், 4,000 பக்கம் வரும் இங்க் பாட்டில் 400 ரூபாய், ஆகப் பக்கத்துக்கு 10 காசு. தொடக்கத்தில் 7,000 ரூபாய் வித்தியாசம். ஒவ்வொரு பக்கத்துக்கும் 4 ரூபாய் 90 காசு மிச்சமாவதால் சுமார் 1,430 பக்கத்தில் இரண்டும் சமமாகிவிடும். மாதம் 40 பக்கம் அச்சிடும் வீட்டுக்கு அதை எட்ட மூன்று ஆண்டு ஆகும். ஜெராக்ஸ் கடைக்கோ சில நாட்களே போதும்.

இந்த உத்தியின் பலவீனமும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அதிகம் அச்சிடுபவர்தான் அதிக லாபம் தருபவர், தப்பித்துப்போக முதலில் வழி தேடுபவரும் அவர்தான். வெளியார் இங்க்கை ஊற்றுவதும், பிரிண்டருக்குப் பக்கத்தில் டேங்க்கைப் பொருத்திக் குழாய் இழுப்பதும் ஆசியச் சந்தைகளில் பரவியபின், எப்சன் நிறுவனம் 2010இல் இந்தோனேசியாவில் டேங்க்குடனேயே பிரிண்டரை விற்கத் தொடங்கியது. பிரிண்டர் விலை ஏறியது, இங்க் விலை இறங்கியது. பிணைப்பு கழன்றால் லாபத்தை முதன்மைப் பொருளுக்கே மாற்ற வேண்டியதாகிறது.

விடைத்தாள்களில் தவறாமல் வரும் ஜில்லட் உதாரணத்தையும் கவனமாக எழுத வேண்டும். ரேசரை மலிவாகக் கொடுத்து பிளேடில் சம்பாதித்த நிறுவனம் என்பது தொடக்க காலத்துக்குப் பொருந்தாது. 1904இல் காப்புரிமை பெற்றபின் ஜில்லட் தன் ரேசரை 5 டாலருக்கு விற்றது, அன்றைக்கு அது பெரிய தொகை. 1921இல் காப்புரிமை முடிந்து போட்டியாளர்கள் வரத் தொடங்கியபோதுதான் மலிவு ரேசர் வந்தது.

இப்போது ஒரே டிடிஎச் இணைப்பில் மூன்றையும் பார்க்கலாம். எஸ்டி பெட்டியா எச்டி பெட்டியா என்று தேர்ந்தெடுப்பது பொருள் வரிசை. பத்துச் சேனலை ஒரே கட்டணத்தில் எடுப்பது தொகுப்பு. பெட்டியை மலிவாகக் கொடுத்து, அந்த நிறுவனத்திடமே மாதாமாதம் ரீசார்ஜ் செய்யவைப்பது பிணைப்பு. சேவைத் துறையில் இதை இரு பகுதி விலை என்பார்கள். பெட்டியோடு முதல் மாதச் சந்தா இலவசம் என்று விளம்பரம் வந்தாலும் பிணைப்பு பிணைப்புதான், பிரிண்டர் பெட்டிக்குள் வரும் கார்ட்ரிட்ஜைப் போல.

செல்போனுக்கு உறை வாங்குவதைப் பிணைப்பு என்று எழுதிவிடாதீர்கள். உறை இல்லாமலும் போன் ஓடும், ஆகவே அது விருப்பப் பொருள் விலை என்ற வேறு வகை.

தேர்வில் இப்படி எழுதலாம்: “பொருள் வரிசை விலையில் பொருட்கள் ஒன்றுக்கொன்று மாற்று. ரகங்களுக்கு இடையிலான விலை இடைவெளியே முடிவு, உதாரணம் ஆவின் பால் ரகங்கள். தொகுப்பு விலையில் பொருட்கள் ஒரே நேரத்தில் ஒரே விலைக்குச் சேர்ந்து விற்கப்படும். கட்டின் விலை தனி விலைகளின் கூட்டலைவிடக் குறைவு, உதாரணம் சேனல் பேக். பிணைப்புப் பொருள் விலையில் துணைப்பொருள் இல்லாமல் முதன்மைப் பொருள் இயங்காது. முதன்மைப் பொருளில் குறைந்த லாபமும் துணைப்பொருளில் தொடர் லாபமும் வைக்கப்படும், உதாரணம் பிரிண்டரும் கார்ட்ரிட்ஜும்.” ஐந்து மதிப்பெண்ணுக்கு இவ்வளவு போதும். பத்து மதிப்பெண் என்றால் மேலே உள்ள இரு வீட்டுக் கணக்கையும் பிரிண்டர் கணக்கையும் எண்களோடு சேர்த்துவிடுங்கள்.