வெள்ளரி அரிக்கிறது, கூட்டு அரிப்பதில்லை

கோடை தொடங்கியதிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரே குழப்பம் பல கையெழுத்துகளில் வந்து சேர்கிறது. பழத்தைக் கடித்தால் வாய் அரிக்கிறது, அதையே வேகவைத்தால் அரிப்பதில்லை, இது அலர்ஜியா இல்லையா? முலாம்பழமும் வெள்ளரிப்பிஞ்சும் குவியும் பருவம் முடிவதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும்.

பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பத்திலிருந்து வந்த கடிதம்தான் இருப்பதிலேயே தெளிவானது. எழுதியவர் இறால் தரம் பிரிக்கிற பெண்மணி. பல வருடமாகத் தும்மலும் கண் அரிப்பும் உண்டு. வேலை முடிந்து வெள்ளரிப்பிஞ்சைக் கடித்தால் ஐந்து நிமிடத்துக்குள் உதடும் அண்ணமும் நமநமக்கின்றன, காதுக்குள் வரை அரிப்பு ஓடுகிறது, அரை மணியில் தானாக அடங்குகிறது. முலாம்பழத்துக்கும் அப்படியே. “எந்நேரமும் இறாலில் கை வைக்கிறாய், அதுதான்” என்று அக்கம்பக்கத்தில் சொன்னதால் இரண்டு மாதமாக இறாலை நிறுத்திப் பார்த்திருக்கிறார். அரிப்பு நிற்கவில்லை. ரத்தப் பரிசோதனைத் தொகுப்பு ஒன்று எடுத்ததில் இறால், வேர்க்கடலை உள்ளிட்ட ஐந்தாறு உணவுகளுக்குப் ‘பாசிட்டிவ்’ என்று வந்துவிட்டது. கடிதத்தின் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது: வெள்ளரிக்காயைக் கூட்டாக வைத்தால் எதுவும் ஆவதில்லை.

இந்த வரலாறு காட்டுவது இறாலை அல்ல, மகரந்தத்தை. 1987-ல் லண்டன் மருத்துவர்கள் இதற்கு ‘வாய்வழி அலர்ஜி நோய்க்குறி’ என்று பெயர் சூட்டினார்கள். பெயர் அவ்வளவு நல்ல பெயர் அல்ல. தொல்லை வாயோடு நின்றுவிடும் என்ற உறுதியை அது கொடுத்துவிடுகிறது. எல்லோருக்கும் அப்படி நிற்பதில்லை. ‘மகரந்த உணவு அலர்ஜி’ என்று இப்போது பலர் சொல்வது காரணத்தையாவது சரியாகக் காட்டுகிறது. மூக்கு வழியே போன ஏதோ ஒரு பூந்தூளின் புரதத்துக்கு எதிராக உடல் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைச் செய்து வைத்திருக்கிறது. அதே சாயலில் ஒரு புரதம் பழத்திலும் இருந்தால் அந்த எதிர்ப்பொருள் ஆளை மாற்றிப் பிடித்துக்கொள்கிறது.

ஐரோப்பாவில் இதைத் தொடக்கிவைப்பது பெரும்பாலும் பிர்ச் மரம். அதன் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆப்பிள், செர்ரி, கேரட், செலரி அரிக்கும். பிர்ச் நம் நாட்டில் இமயமலையில்தான் இருக்கிறது. பழவேற்காடு ஏரிக்கரையில் இருப்பது சீமைக் கருவேலமும் சவுக்கும். இரண்டின் மகரந்தமும் அலர்ஜி மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமானவை. 1877-ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலத்தின் மகரந்தத்தில் புரோபிலின் என்ற புரதத்தை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். புரோபிலின் எல்லாத் தாவரங்களிலும் ஏறக்குறைய ஒரே வடிவில் இருப்பது. முலாம்பழம், தர்பூசணி, வெள்ளரி, வாழைப்பழம், தக்காளி ஆகியவற்றைத் தின்றதும் வாய் அரித்தால் மருத்துவர் முதலில் சந்தேகிக்கிற புரதங்களில் அதுவும் ஒன்று.

அடுப்பு இதில் என்ன செய்கிறது என்பதற்குக் கோட்டைக்குப்பத்து வலையையே எடுத்துக்கொள்ளலாம். வலை என்பது நூல், கூடவே முடிச்சு. முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்துவிட்டால் நூல் முழுதாகக் கிடக்கும், வலை இருக்காது. புரதமும் ஒரு நீண்ட நூல்தான். மடிந்து முடிச்சிட்டுக்கொண்டு ஒரு வடிவத்தில் நிற்கிறது. பழங்களில் உள்ள இந்தப் புரதங்களை ஐஜிஇ கண்டுகொள்வது அந்த வடிவத்தை வைத்துத்தான். வெள்ளரி வெந்து குழையும்போது மடிப்புகள் அவிழ்கின்றன, ஐஜிஇக்குப் பிடிக்க எதுவும் இல்லாமல் போகிறது. பச்சையாகத் தின்றாலும் வயிற்று அமிலமும் பெப்சினும் இதே வேலையைச் செய்துவிடும். அதனால்தான் அரிப்பு பெரும்பாலும் வாயோடு நிற்கிறது.

எல்லாப் புரதமும் இப்படி அடுப்புக்கு அடங்காது. இறாலில் அலர்ஜி தருகிற டிரோபோமயோசின் இரண்டு இழை முறுக்கிய கயிறு போன்றது. கொதிக்கும்போது முறுக்கு தளரும், ஆறியதும் மறுபடி முறுக்கிக்கொள்ளும். ஆகவே இறால் ஒத்துக்கொள்ளாதவருக்குக் குழம்பும் ஒத்துக்கொள்ளாது. சிலருக்கு இறால் வேகும் ஆவியே போதும். இந்தப் பெண்மணியோ வருடக்கணக்கில் இறால் குழம்பு சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவர்.

மீன் விஷயத்தில் இன்னும் விசித்திரமான ஒரு வரலாறு உண்டு. 1921-ல் ஜெர்மனியின் பிரெஸ்லாவில் ஹைன்ஸ் க்யூஸ்ட்னர் என்ற மருத்துவருக்கு மீன் ஆகாது, அதுவும் சமைத்த மீன் மட்டும்தான் ஆகாது. அவருடைய ரத்தநீரில் துளியளவு எடுத்து, சக ஆய்வாளர் கார்ல் பிராஸ்னிட்ஸ் தன் தோலுக்குள் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாறு செலுத்தியதும் தோல் தடித்தது. அலர்ஜிக்குக் காரணமான ஏதோ ஒன்று ரத்தத்தில் இருக்கிறது என்பது அப்படித்தான் நிரூபணமானது. அதுதான் ஐஜிஇ என்று தெரியவர இன்னும் நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பிராஸ்னிட்ஸுக்கு மகரந்த அலர்ஜி இருந்தது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

‘வேகவைத்தால் பாதுகாப்பு’ என்று துண்டறிக்கைகள் ஒரே வரியில் முடித்துக்கொள்கின்றன. கவலை தருவது அந்த வரிதான். உடலின் காவலில் ஐஜிஇ ஒரு பிரிவு. டி செல்கள் வேறொரு பிரிவு. டி செல் வலையைப் பார்ப்பதில்லை, வெட்டிய நூல் துண்டுகளைப் பார்க்கிறது. முடிச்சு அவிழ்ந்தாலும் நூல் அதே நூல்தானே? வியன்னாவில் பார்பரா போலே குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. வேகவைத்த ஆப்பிள், செலரி, கேரட் புரதங்களை ஐஜிஇ கண்டுகொள்ளவில்லை, டி செல்கள் கண்டுகொண்டன. பிர்ச் அலர்ஜியோடு தோல் கரப்பானும் இருந்த நோயாளிகளுக்கு இந்தக் காய்களை வேகவைத்துக் கொடுத்தபோது வாய் அரிக்கவில்லை. ஆனால் சிலருக்குப் பிறகு கரப்பான் கிளம்பியது. வாய் அரிக்காததால் யாரும் காயைச் சந்தேகிக்கவும் மாட்டார்கள். மகரந்த அலர்ஜியும் நாள்பட்ட கரப்பானும் சேர்ந்து இருப்பவர், கூட்டு சாப்பிட்ட மறுநாள் தோல் மோசமாகிறதா என்று சில வாரம் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுவது பயனுள்ளது.

இனி அந்த ரத்தப் பரிசோதனைத் தொகுப்பு. கர்நாடகத்தில் 11,791 பேரிடம் கேள்வித்தாள் மூலம் தொடங்கி, மைசூரு ஜேஎஸ்எஸ் மருத்துவக் கல்லூரியின் பி. ஏ. மகேஷ் குழுவினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வு நம் பக்கத்துக்கு மிக நெருக்கமானது. ரத்தத்தில் ஏதாவது ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ இருந்தவர்கள் 26.5 சதவீதம். சாப்பிட்டால் தொல்லையும் வருகிறது, ரத்தமும் ஒத்துப்போகிறது என்று சொல்லத்தக்கவர்கள் 1.2 சதவீதம்தான். அவர்களில் முன்னால் நின்ற உணவுகள் பாலும் ஆப்பிளும். இவ்வளவு இடைவெளி இருக்கும்போது, தின்று பார்த்த வரலாற்றைக் கேட்காமல் ஐம்பது உணவுகளுக்கு அட்டவணை அச்சடித்துத் தருவது நோயைக் கண்டுபிடிப்பதாகாது. சாயல் ஒற்றுமையே பல பாசிட்டிவ்களை உண்டாக்கிவிடும். அந்தப் பட்டியலை நம்பி இறாலையும் வேர்க்கடலையையும் ஒதுக்கிய வீட்டில் குறைந்தது நல்ல புரதம்தான்.

இதைவிட எளிய சோதனை அலர்ஜி மருத்துவரின் மேசையிலேயே நடக்கும். சோதனைக்கென்று விற்கும் ஆயத்தச் சாற்றில் இந்தப் புரதங்கள் சீக்கிரம் சிதைந்துவிடுவதால் நோயாளி வழக்கமாகத் தின்னும் வெள்ளரியையே கொண்டுவரச் சொல்வார்கள். சிறு ஊசியால் காயைக் குத்தி, உடனே அதே ஊசியால் முன்கைத் தோலை லேசாகக் குத்துவார்கள். வேகவைத்த துண்டைக் கொண்டும் இன்னொரு இடத்தில் அப்படியே செய்யலாம். ஒப்பிட ஹிஸ்டமின் ஒரு புள்ளி, வெறும் உப்புநீர் ஒரு புள்ளி. 15 நிமிடம் கழித்து உப்புநீர்ப் புள்ளியைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாகத் தடித்தால் பாசிட்டிவ். பச்சைக் காய் தடித்து, வெந்த காய் தடிக்காமல் இருந்தால் கடிதத்தின் கடைசி வரி தோலிலேயே எழுதப்பட்டுவிட்டது. தும்மலுக்கான மாத்திரையை ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே நிறுத்தாமல் போனால் எல்லாம் நெகட்டிவாகத் தெரியும். நிறுத்துவதை மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

எப்போது பயப்பட வேண்டும்? தொண்டை இறுகுவது, மூச்சு வாங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, வாந்தி, தலைசுற்றல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பழைய இத்தாலியத் தொகுப்பு ஒன்றில் இந்த நோயாளிகளில் 1.7 சதவீதம் பேருக்கு அதிர்ச்சி நிலை வரை போயிருக்கிறது. இவர்களில் சிலருக்கு லிப்பிட் கடத்திப் புரதம் என்ற வேறொன்று காரணமாக இருக்கலாம். பீச், ஆப்பிள் தோலில் மிகுந்திருக்கும் அது வேகவைத்தாலும் வயிற்றுக்குள் போனாலும் குலையாது. சமைத்த பிறகும் அரிக்கிறது என்று எழுதியவர்கள் இந்தப் பத்தியை மறுபடி படிக்க வேண்டும். அவர்கள் வீட்டிலேயே தின்று பார்த்துச் சோதிக்கக் கூடாது.

மற்றக் கேள்விகள் சுருக்கமாக.

ஜூஸ் போட்டால்? பச்சைதான், ஒரே மூச்சில் உள்ளே போகும் அளவும் அதிகம்.

கருணைக்கிழங்கு அரிப்பது? அது ஊசி வடிவ ஆக்சலேட் படிகம், யார் நாக்கையும் அரிக்கும். புளி போட்டு வேகவைப்பது அதற்கு.

கத்தரிக்காய்? யாரும் பச்சையாகத் தின்பதில்லை. சமைத்த கத்தரிக்காய் அரித்தால் அது வேறு கதை.

உணவுப் பொட்டலத்தில் அலர்ஜி எச்சரிக்கை இருக்குமே? 2020-ம் ஆண்டு விதிமுறையில் இறால் வகை, மீன், முட்டை, பால், வேர்க்கடலை எல்லாம் உண்டு, பழமும் காய்கறியும் பட்டியலில் இல்லை.

மகரந்தத்துக்கு ஊசி போட்டால் பழமும் சரியாகுமா? சிலருக்கு ஆகிறது, பலருக்கு இல்லை. பழத்துக்காக மட்டும் அந்த ஊசி போட வேண்டாம்.

கோட்டைக்குப்பம் வாசகிக்கு: இறாலை ஒதுக்க உங்கள் கடிதத்தில் ஒரு காரணமும் இல்லை. வருடக்கணக்கில் ஒத்துக்கொண்டதுதான் என்றாலும், இரண்டு மாதம் நிறுத்திய பின் மறுபடி தொடங்குவதற்கு முன் அலர்ஜி மருத்துவர் ஒருவரிடம் அந்த அறிக்கையையும் ஒரு வெள்ளரிப்பிஞ்சையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.