3 ஜிபி போனில் எராங்கெல்

பொச்சின்கியில் குதித்து, அரக்கப் பரக்க ஒரு வீட்டுக்குள் ஓடி, துப்பாக்கியைக் கையில் எடுக்கும் நேரத்தில் திரை சட்டென்று மறைந்து, போனின் முகப்புப் பக்கம் வந்து நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஆட்டத்தை மறுபடி திறந்தால் லோகோவிலிருந்து ஆரம்பிக்கும். அது ஏறி முடிப்பதற்குள் ஆள் செத்திருப்பார். குறைந்த விலை போனில் பிஜிஎம்ஐ விளையாடுகிறவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. பலரும் உடனே திட்டுவது நெட்டைத்தான். பாவம், நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நெட் இழுத்தால் எதிரில் ஓடுகிறவர் திடீரென்று பத்தடி தள்ளி முளைப்பார், சுட்ட குண்டு பட்டதா இல்லையா என்றே தெரியாது, பிங் எண் சிவப்பாகும். ஆனால் ஆட்டம் மூடிக்கொள்ளாது. தானாக மூடிக்கொண்டால், போனில் ரேம் தீர்ந்துவிட்டது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

2021 ஜூலையில் இந்தியாவில் பிஜிஎம்ஐ வெளியானபோது 2 ஜிபி ரேம் இருந்தால் போதும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். திறப்பதற்கு அது போதும்தான். நூறு பேர் இறங்கும் மைதானத்தில் கடைசிவரை நின்று ஆடுவதற்குப் போதுமா என்பது வேறு கேள்வி. கணினியில் கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி நினைவகம் இருக்கும். போனில் அப்படி இல்லை. ஆண்ட்ராய்டு, வாட்ஸ்அப், கீபோர்டு, ஆட்டத்தின் கணக்குகள், திரையில் தெரியும் மரம், சுவர், சட்டை எல்லாமே ஒரே ரேமைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. 3 ஜிபி போனில் ஒரு ஜிபிக்குக் குறையாமல் ஆண்ட்ராய்டும் அதன் கூட்டாளிகளுமே எடுத்துக்கொள்ளும். மிச்சம்தான் ஆட்டத்துக்கு.

இடம் நெருக்கடியானால் ஆண்ட்ராய்டு முதலில் பின்னால் தூங்கிக்கொண்டிருக்கும் செயலிகளை ஒவ்வொன்றாக மூடும். கூடவே, அதிகம் தேவைப்படாத தகவலை ரேமுக்குள்ளேயே சுருக்கி மடித்து வைக்கும். சுருக்குவதும் விரிப்பதும் பிராசசரின் வேலை என்பதால் ஆட்டம் அந்த நேரத்தில் விக்கி விக்கி ஓடும். அதற்கும் மேல் போனால், கண்முன்னே ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் மேலேயே கை வைக்கும். சத்தமில்லாமல் முகப்புப் பக்கத்துக்கு வந்துவிடுவது இப்படித்தான். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பார்த்துவிட்டுத் திரும்பினால் ஆட்டம் முதலிலிருந்து தொடங்குவதற்கும் காரணம் இதுவே.

இன்னும் இரண்டு வியாதிகளை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆள் இல்லாத வெட்டவெளியில் நிற்கும்போதுகூட ஆட்டம் ஒரே சீராக மந்தமாக ஓடினால், குறை ரேமில் இல்லை. போனின் கிராபிக்ஸ் சிப்புக்கு அவ்வளவுதான் தெம்பு. முதல் கால் மணி நேரம் நன்றாக ஓடிப் பிறகு மட்டும் தளர்ந்தால் அது சூடு. சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. சார்ஜரைக் கழற்றி, பின் கவரை எடுத்துவிட்டு ஆடினாலே அதில் பாதி சரியாகும்.

இனி செட்டிங்ஸ். பிஜிஎம்ஐயில் Graphics என்றொரு வரிசையும் Frame Rate என்றொரு வரிசையும் தனித்தனியாக இருப்பதைப் பார்க்கலாம். பலர் இரண்டையும் ஒன்றாகவே நினைத்து, ‘எல்லாத்தையும் கம்மி பண்ணு’ என்று ஒரேயடியாகக் கீழே இறக்கிவிடுகிறார்கள். அது வீண். முதல் வரிசை முக்கியமாக ரேமைத் தின்பது. இரண்டாவது வரிசை சிப்பின் உழைப்பையும் பேட்டரியையும் தின்பது. ரேமை அது ஏறக்குறைய தொடுவதே இல்லை. ஆகவே ஆட்டம் மூடிக்கொள்கிறது என்று ஃப்ரேம் ரேட்டைக் குறைத்தால் மூடுவது நிற்காது, நகர்வு மட்டும் கெட்டுப்போகும்.

Graphics வரிசை ஏன் ரேமைத் தின்கிறது? சுவரின் செங்கல், சட்டையின் மடிப்பு, காரின் துரு எல்லாம் டெக்ஸ்சர் என்னும் சதுரப் படங்கள். பக்கத்துக்கு 1024 புள்ளி கொண்ட ஒரு படம், போன்களில் வழக்கமான ஒரு சுருக்க முறையில், புள்ளிக்கு ஒரு பைட் வீதம் 1 எம்பி பிடிக்கும். பக்கத்தை 2048 ஆக்கினால் நீளமும் அகலமும் இரட்டிப்பதால் அதுவே 4 எம்பி. ஒரு படத்துக்கு 3 எம்பி கூடுகிறது, அவ்வளவுதானே என்று தோன்றும். கண்ணெதிரே இருநூறு படங்கள் இருந்தால் அது 600 எம்பி. 3 ஜிபி போனில் மொத்தப் போராட்டமும் அந்த 600 எம்பிக்குத்தான். ஒப்பிட்டுப் பார்த்தால், 1600க்கு 720 அளவுள்ள திரையின் ஒரு முழுப் படம் வெறும் 4.6 எம்பிதான். அதனால் திரைத் தெளிவைக் குறைத்தால் சிப்புக்கு நல்ல ஓய்வு கிடைக்கும். ரேமில் மிச்சமாவது கொஞ்சமே.

ஒரு போனை வைத்தே பார்த்துவிடலாம். 2020இல் வந்த ரெட்மி 9ஏ இன்னும் பல வீடுகளில் தம்பி தங்கைகளின் கையில் இருக்கிறது. மீடியாடெக் ஹீலியோ ஜி25 சிப், 720 புள்ளித் திரை, 32 ஜிபி சேமிப்பு. ரேம் 3 ஜிபி உள்ள மாடல் என்று வைத்துக்கொள்வோம்.

ஆட்டத்தை நிறுவியதும் எந்த ரிசோர்ஸ் பேக் வேண்டும் என்று கேட்கும் இடத்திலேயே முதல் முடிவு வந்துவிடுகிறது. HD பேக்கை விட்டுவிட்டு, குறைந்த திறன் போன்களுக்கான பேக்கைத்தான் எடுக்க வேண்டும். பெரிய படங்கள் போனுக்குள் வரவே இல்லையென்றால் ரேமில் ஏறும் பேச்சுக்கே இடமில்லை. அடுத்து, Graphics வரிசையில் Smooth. இந்த போனில் இதற்கு மாற்றே கிடையாது. Shadows, Anti-aliasing இரண்டையும் அணைத்துவிடலாம். நிழல் வேண்டுமென்றால் அதே காட்சியை வெளிச்சத்தின் பக்கமிருந்து இன்னொரு முறை வரைந்து, அந்தப் படத்தையும் ரேமில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓரங்களை மழமழப்பாக்கும் வேலையோ பெரும்பாலும் சிப்பின் தலையில் விழுகிறது. Style என்ற இடத்தில் Colorful வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. அது வரைந்து முடித்த படத்துக்கு மேல் பூசும் நிறம்தான், ரேமுக்குப் பாரமில்லை. புல்லுக்குள் படுத்திருப்பவர் கொஞ்சம் எடுப்பாகத் தெரிவார். Auto-adjust Graphics என்பதைச் சோதனை முடியும்வரை அணைத்து வைப்பது நல்லது. நாம் ஒன்றை மாற்ற, அது ஒன்றை மாற்ற, எதனால் எது சரியானது என்று கடைசியில் தெரியாமல் போய்விடும்.

ஃப்ரேம் ரேட்டுக்கு வருவோம். High என்றால் நொடிக்கு 30 படம், Ultra என்றால் 40. இருப்பதில் பெரியதைத் தேடி Ultra வைக்கத்தான் எல்லாருக்கும் கை போகும். ஆனால் இந்தத் திரை நொடிக்கு 60 முறை புதுப்பித்துக்கொள்வது. 30 படம் என்றால் ஒவ்வொன்றும் சரியாக இரண்டு புதுப்பிப்பு நேரம் நிற்கும். 40 என்றால் ஒரு படம் ஒன்றுக்கும் அடுத்தது இரண்டுக்குமாக மாறி மாறி நிற்கும். குறி வைத்துத் திருப்பும்போது சின்ன நடுக்கமாக அது தெரியும். போதாக்குறைக்கு இந்தச் சிப்பால் சண்டை நடுவில் 40ஐத் தக்கவைப்பது கடினம். 40க்கும் 25க்கும் நடுவே ஊசலாடுவதைவிட அசையாத 30 மேல் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. ‘எனக்கு 40தான் கைக்கு வருது’ என்று சொல்கிறவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், அதனால் ஆட்டம் மூடிக்கொள்ளாது.

செட்டிங்ஸ் பக்கத்தில் இல்லாத ஒரு செட்டிங்கும் இருக்கிறது: மேப். எராங்கெல் எட்டு கிலோமீட்டருக்கு எட்டு கிலோமீட்டர், நூறு பேர். லிவிக் இரண்டுக்கு இரண்டு, ஐம்பத்திரண்டு பேர். டீம் டெத்மேட்ச்சில் பக்கத்துக்கு நாலு பேர்தான். ஒவ்வொருவரும் போட்டிருக்கும் உடை, முகமூடி, துப்பாக்கிச் சாயம் எல்லாம் தனித்தனிப் படங்கள் என்பதால், கூட்டம் கூடுமிடமே ரேமுக்கு ஆபத்தான இடம். விமானம் கிளம்புமுன் எல்லாரும் குதித்துக் குத்திக்கொண்டிருக்கும் அந்தத் தீவிலேயே சில போன்கள் மூர்ச்சையாவது இதனால்தான். எராங்கெலில் திரும்பத் திரும்ப மூடிக்கொள்ளும் போன் லிவிக்கில் ஒழுங்காக ஓடலாம். எராங்கெல்தான் வேண்டும் என்றால், பொச்சின்கியை விட்டு ஓரத்து ஊர்களில் இறங்கலாம்.

சோதிப்பதற்கு ஆளில்லாத பயிற்சி மைதானம் உதவாது. அங்கே எல்லாமே நன்றாக ஓடும். ஒரே மேப்பில், கூட்டமுள்ள ஒரே ஊரில் இறங்கி, பிறகு ஒரு வண்டியை எடுத்து வேகமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். வண்டி வேகத்தில் புதிய கட்டடங்கள் அடுத்தடுத்து ஏற, பழையவை இறங்க வேண்டியிருக்கும். வீடுகள் களிமண் பொம்மை மாதிரி மொழுக்கென்று நின்று, பிறகு ஜன்னலும் கதவும் முளைத்தால் போன் திணறுகிறது என்று பொருள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு செட்டிங்கைத்தான் மாற்ற வேண்டும்.

கேலரியில் இருக்கும் போட்டோக்களை அழித்தால் ரேம் கூடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. போட்டோ இருப்பது சேமிப்பில். அதை அழித்தால் ரேம் ஒரு எம்பிகூடக் கூடாது. ஆனால் 32 ஜிபியும் விளிம்புவரை நிரம்பிவிட்டால் சேமிப்பிலிருந்து படிப்பதும் எழுதுவதும் மெதுவாகி, கட்டடம் முளைப்பது தாமதமாகும். அந்த அளவில் அழிப்பதால் பயன் உண்டு. ஆடாத மேப்களை நீக்குவதும் இந்தக் கணக்குதான். ‘ரேம் பூஸ்டர்’ செயலிகள் மூடுவதை ஆண்ட்ராய்டு ஏற்கெனவே தானாகச் செய்கிறது. மூடிய செயலிகளில் பலவும் மறுபடி எழுந்து வந்துவிடும், பூஸ்டரும் தன் பங்குக்கு ரேமில் உட்கார்ந்திருக்கும். ஆட்டத்துக்கு முன் போனை ஒருமுறை அணைத்துப் போடுவது அதைவிட மேல். சேமிப்பில் ஒரு பகுதியை ரேமாகக் காட்டும் ‘விர்ச்சுவல் ரேம்’, பின்னால் இருக்கும் செயலிகளை ஒதுக்கி வைக்க உதவும். ஆட்டத்தின் படங்களை அங்கே தள்ளி எடுத்தால் விக்கல்தான் மிஞ்சும். டெவலப்பர் ஆப்ஷனில் Force 4x MSAA என்பதைப் போடச் சொல்லும் யோசனை இந்த போனுக்கு நேர் எதிரானது. பூட்டிய ஃப்ரேம் ரேட்டைத் திறந்து தருவதாகச் சொல்லும் வெளிச் செயலிகள் ஆட்டத்தின் கோப்புகளில் கை வைப்பவை. கணக்கே முடக்கப்படும் அபாயம் உண்டு.

கணினி வைத்திருப்பவர்கள் ஊகத்தை விட்டுவிட்டு எண்ணையே பார்க்கலாம். போனில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளில் இணைத்து, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கணினியில் இதை அடிக்க வேண்டும்:

```
adb shell dumpsys meminfo com.pubg.imobile
```

வரும் நீண்ட பட்டியலின் கீழ்ப்பகுதியில் App Summary என்று இருக்கும். அதில் Graphics என்ற வரி, கிராபிக்ஸுக்காகப் போயிருக்கும் ரேம். TOTAL என்பது ஆட்டத்தின் மொத்தச் செலவு. எண்கள் கிலோபைட்டில் இருக்கும். Smooth வைத்து ஒருமுறை, போன் இடம் கொடுத்தால் Balanced வைத்து ஒருமுறை, ஒரே ஊரில் நின்று பார்த்தால் வித்தியாசம் கைக்கு வந்துவிடும். Smooth, நிழல் அணைப்பு, குறைந்த பேக் எல்லாம் போட்ட பிறகும் லிவிக்கிலேயே ஆட்டம் மூடிக்கொள்கிறதென்றால், குறிப்பாக 2 ஜிபி போன்களில், இறக்குவதற்கு இனி செட்டிங் எதுவும் பாக்கியில்லை. அந்த போனில் டீம் டெத்மேட்ச் மட்டும் ஆடலாம்.