கணக்கை மூடும் முன்: பாட்டியின் படத்துக்குத் தேதி எங்கே போனது?

ஐந்தாம் படிவ மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். தொடக்கப்பள்ளியில் படித்தபோது விளையாட்டாக ஒரு பெயர் வைத்து கூகுள் கணக்கு தொடங்கினார். இப்போது கல்லூரி விண்ணப்பங்களில் அந்த மின்னஞ்சல் முகவரியை எழுதக் கூச்சமாக இருக்கிறது. புதுக் கணக்கு தொடங்கிவிட்டார். பழையதை நிரந்தரமாக மூடிவிட நினைக்கிறார். ஆனால், அதற்குள் ஆறு ஆண்டுப் படங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, இப்போது உயிருடன் இல்லாத பாட்டி பொங்கல் பானை அருகே நிற்கும் படம்.

படங்களைப் பதிவிறக்கிவிட்டால் போதும் என்று தோன்றும். உண்மையில் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகே மூட வேண்டும். எல்லாம் வந்துவிட்டதா? வந்தது பழுதில்லாமல் இருக்கிறதா? மூடிய பிறகு எது மிஞ்சும்?

எல்லாவற்றையும் வெளியே எடுப்பது

கூகுள் கணக்கில் உள்ளதை மொத்தமாக எடுக்க `takeout.google.com` என்ற பக்கம் இருக்கிறது. அங்கே படங்கள், மின்னஞ்சல், டிரைவ் கோப்புகள், தொடர்பு எண்கள் என ஒவ்வொரு சேவையும் பட்டியலில் நிற்கும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்தபின், எங்கே அனுப்புவது, எந்த வகைக் கோப்பு, ஒவ்வொரு துண்டும் எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்று கேட்கும். `.zip` வகையும் 2 ஜிகாபைட் அளவும் பெரும்பாலோருக்குப் பொருந்தும். கூகுள் எல்லாவற்றையும் கட்டி முடித்ததும் மின்னஞ்சலில் ஓர் இணைப்பு வரும். சில நிமிடங்களிலும் வரலாம், சில நாள்களும் ஆகலாம். அந்த இணைப்பு ஏறத்தாழ ஒரு வாரமே வேலை செய்யும்.

இங்கே ஒரு பொறி உண்டு. அனுப்பும் இடமாக அதே கணக்கின் டிரைவைத் தேர்ந்தெடுத்துவிட்டால், மூட்டை கட்டிய பொருளை இடிக்கப்போகும் வீட்டுக்குள்ளேயே வைத்ததுபோல் ஆகும். கணக்கை மூடும்போது மூட்டையும் போய்விடும். இணைப்பாகப் பெற்று, சொந்த வன்தட்டில் இறக்குவதே சரி.

எவ்வளவு நேரம் ஆகும்? நம் மாணவியிடம் 12 ஜிகாபைட் இருக்கிறது. இணைய வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள், கோப்பின் அளவைப் பைட்டில் சொல்வார்கள். ஒரு பைட்டுக்கு 8 பிட். எனவே 12 ஜிகாபைட் என்பது 96 ஜிகாபிட், அதாவது 96,000 மெகாபிட். வினாடிக்கு 50 மெகாபிட் வேகம் இருந்தால் 1,920 வினாடி, அதாவது 32 நிமிடம். வினாடிக்கு 10 மெகாபிட் மட்டும் கிடைத்தால் 2 மணி 40 நிமிடம். நடுவில் இணைப்பு அறுந்தால்? 2 ஜிகாபைட் துண்டுகளாகக் கேட்டதன் பயன் இங்கேதான். ஆறு துண்டுகளில் கெட்டுப்போன ஒன்றை மட்டும் மீண்டும் இறக்கினால் போதும்.

வந்தது முழுமையா?

இறக்கிய கோப்பு சரியாக இருக்கிறதா என்பதைக் கணினி எப்படி அறியும்? வகுத்தல் கணக்கில் வரும் மீதியைக் கொண்டுதான்.

4725 என்ற எண்ணை 97ஆல் வகுத்தால் மீதி 69. இந்த 69ஐ எண்ணோடு சேர்த்து உங்கள் நண்பருக்கு எழுதி அனுப்புகிறீர்கள். வழியில் ஓர் இலக்கம் மாறி 4775 ஆகிவிட்டது. நண்பர் வகுத்துப் பார்த்தால் மீதி 22 வரும். 69உம் 22உம் ஒன்றல்ல, ஆகவே எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது. ஸிப் கோப்பும் இப்படியே செய்கிறது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பையும் 0, 1 கொண்ட ஒரு மிக நீண்ட எண்ணாகக் கருதி, தனி வகை வகுத்தல் ஒன்றைச் செய்து, அதன் மீதியைச் சேர்த்து வைக்கிறது. இதை சிஆர்சி-32 என்பார்கள்.

7-ஸிப் போன்ற செயலியில் `Test archive` என்று கொடுத்தால், அது எல்லாக் கோப்புகளுக்கும் அந்த வகுத்தலைத் திரும்பச் செய்து, மீதிகளை ஒப்பிடும். ஒரு பிழையும் இல்லை என்று வந்தால் துண்டு நலமாக இருக்கிறது.

ஆனால், இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. மூட்டைக்குள் போட்டது பழுதாகாமல் வந்ததா என்பதை மட்டுமே அது சொல்லும். போட மறந்ததைச் சொல்லாது. அதற்குக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டிலும் சில படங்களைத் திறந்து பாருங்கள். முக்கியமான ஆல்பங்களில் படங்களை எண்ணி ஒப்பிடுங்கள்.

குறிப்பாக, நண்பர் தம் டிரைவில் வைத்து உங்களோடு பகிர்ந்த குழுப்பணிக் கோப்பு அவருடையது, உங்களுடையது அல்ல. உங்கள் மூட்டையில் அது வரும் என்று நம்பி இருக்காதீர்கள். அதைத் திறந்து தனியாகப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிய கூகுள் ஆவணங்கள் `.docx` வடிவில் வந்து சேரும். எழுத்து வரும். ஆனால், யார் எப்போது எதை மாற்றினார் என்ற பழைய திருத்த வரலாறு வராது.

தேதி காணாமல் போனது எப்படி?

மாணவி துண்டுகளை விரித்துப் படங்களைத் தேதிவாரியாக அடுக்குகிறார். 2022இல் எடுத்த பாட்டியின் படம் இந்த வாரத்துப் படங்களோடு வந்து நிற்கிறது!

காரணம் இதுதான். கைப்பேசியில் படம் எடுக்கும்போது, எடுத்த நேரம் படக்கோப்புக்குள்ளேயே எழுதப்படும். எக்ஸிஃப் என்று அதற்குப் பெயர். அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பப்பட்டால் அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடும். பாட்டியின் படத்தை அத்தை வாட்ஸ்அப்பில்தான் அனுப்பியிருந்தார். மாணவி அதைக் கூகுள் படங்களில் ஏற்றி, தேதியைத் தம் கையால் திருத்தி வைத்திருந்தார். அந்தத் திருத்தம் படக்கோப்புக்குள் போகவில்லை, கூகுளின் பதிவேட்டில் மட்டுமே இருந்தது. மூட்டை கட்டும்போது அந்தப் பதிவேடு படத்தின் பக்கத்தில் ஒரு சிறு `.json` கோப்பாக வருகிறது. நோட்பேடில் திறந்தால் இப்படி ஒரு பகுதி தெரியும்:

```
"title": "patti.jpg",
"photoTakenTime": {
  "timestamp": "1642120200"
}
```

இந்த நீண்ட எண் என்ன? 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து கடந்த வினாடிகள். நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு நாளில் 86,400 வினாடிகள். 1642120200ஐ அதனால் வகுத்தால் 19,006 நாள்கள், மீதி 1,800 வினாடிகள். 1970இலிருந்து 2021 முடிய 52 ஆண்டுகள். அவற்றில் 13 லீப் ஆண்டுகள், ஆக 18,993 நாள்கள். 19,006இல் 18,993ஐக் கழித்தால் 13. அதாவது 2022 பிறந்து 13 நாள்கள் முழுதாகக் கழிந்துவிட்டன. நாள் ஜனவரி 14. மீதி 1,800 வினாடி என்பது நள்ளிரவு தாண்டி அரை மணி நேரம். இது உலகப் பொது நேரம். மலேசியாவும் சிங்கப்பூரும் அதைவிட 8 மணி நேரம் முன்னே இருக்கின்றன. ஆக, காலை 8.30. பொங்கல் நாள் காலை. பாட்டியின் படத்துக்குத் தேதி கிடைத்துவிட்டது.

அதை இனிப் படத்துக்குள்ளேயே எழுதிவிடலாம். எக்ஸிஃப்டூல் என்ற இலவசச் செயலிக்கு இந்தக் கட்டளை போதும்:

```
exiftool "-DateTimeOriginal=2022:01:14 08:30:00" patti.jpg
```

பழைய கோப்பை அது `patti.jpg_original` என்ற பெயரில் பத்திரமாக விட்டு வைக்கும். ஆகவே, `.json` கோப்புகளைக் குப்பை என்று நினைத்து அழிக்காதீர்கள். ஒரு படம் முதல் துண்டிலும் அதன் `.json` மூன்றாம் துண்டிலும் இருக்கக்கூடும். அதனால் எல்லாத் துண்டுகளையும் ஒரே கோப்புறைக்குள் விரியுங்கள். பிறகு அந்தக் கோப்புறையை இன்னொரு வன்தட்டிலும் பிரதி எடுங்கள். கணக்கு போனபின் ஒரே ஒரு பிரதி இருந்தால், அது விழுந்து உடையும் நாளில் ஒன்றுமே இருக்காது.

மூடிய பிறகு மிஞ்சுவது

மூடும் பொத்தானை அழுத்தினால் உங்கள் கண்ணிலிருந்து எல்லாம் உடனே மறையும். ஆனால், கூகுளின் கணினிகளிலிருந்து உடனே மறையாது. ஒரே படத்தின் பிரதிகள் பல இயந்திரங்களில் இருக்கின்றன. ஓர் இயந்திரம் பழுதானாலும் உங்கள் படம் பிழைக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்தார்கள். அழிக்கும்போது அதே பாதுகாப்பு தாமதமாக மாறுகிறது. அழித்து முடிக்கப் பொதுவாக ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகும் என்றும், மறைக்குறியாக்கம் செய்த காப்புப் பிரதிகளில் ஆறு மாதம் வரை தரவு இருக்கலாம் என்றும் கூகுள் தன் கொள்கையில் சொல்கிறது. தவறுதலாக மூடியவர்கள் மூடிய சில நாள்களுக்குள் கணக்கை மீட்க முயலலாம். காலம் கடந்தால் முடியாது.

மற்றவர்களிடம் போனது வேறு கதை. நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல், பெற்றவரின் பெட்டியில் அப்படியே இருக்கும். நண்பர் தம் கைப்பேசியில் சேமித்த உங்கள் படமும் இருக்கும். கணக்கை மூடுவது உங்கள் அலமாரியைக் காலி செய்யும், அடுத்த வீட்டு அலமாரியைத் தொடாது.

இதற்கு நேர்மாறானதும் நடக்கும். நீங்கள் உரிமையாளராக இருந்து நண்பர்களோடு பகிர்ந்த கோப்பு, உங்கள் கணக்கோடு சேர்ந்து அவர்களுக்கும் இல்லாமல் போகும். குழுவின் அறிவியல் திட்ட அறிக்கை உங்கள் டிரைவில் இருந்தால், மூடும் முன் உரிமையை வேறு ஒருவருக்கு மாற்றிக் கொடுங்கள்.

முகவரியும் ஒரு வகையில் மிஞ்சுகிறது. மூடிய ஜிமெயில் முகவரியைக் கூகுள் வேறு எவருக்கும் தருவதில்லை. ஆனால், அந்த முகவரியைக் கொடுத்துச் சேர்ந்த மற்றத் தளங்களில் அது இன்னும் உங்கள் அடையாளமாகவே பதிவாகியிருக்கும். அங்கே கடவுச்சொல்லை மறந்தால், மீட்புக் கடிதம் இல்லாத பெட்டிக்குத்தான் போகும். ஆகவே, பழைய அஞ்சல்களில் "பதிவு" என்றும் `welcome` என்றும் தேடி, எங்கெல்லாம் சேர்ந்திருக்கிறீர்கள் என்று பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் புது முகவரியை மாற்றுங்கள்.

நம் மாணவி இவற்றை ஒரே நாளில் செய்யவில்லை. துண்டுகளைச் சோதித்து, தேதிகளை எழுதி, இரண்டு வன்தட்டுகளில் வைத்து, பிறகு ஒரு மாதம் பழைய கணக்கைத் திறக்காமல் இருந்து பார்த்தார். அதற்குள் இரண்டு முறை அதைத் தேட வேண்டி வந்தது. ஒன்று, நூலகத் தளத்தின் கடவுச்சொல். மற்றொன்று, தோழி பகிர்ந்திருந்த வேதியியல் குறிப்பு. இரண்டையும் எடுத்துக்கொண்ட பிறகுதான் பொத்தானை அழுத்தினார்.