எந்த சுந்தரம் கிளேட்டன்?

திருவாமாத்தூர்த் தம்பி ஒருவர் கேட்கிறார்: "அண்ணா, இப்பதான் டீமேட் கணக்கு ஆரம்பிச்சிருக்கேன். டி.வி.எஸ். மோட்டார்ல பாதிக்கு மேல பங்கு சுந்தரம் கிளேட்டன் கையில இருக்குன்னு பழைய பத்திரிகை ஒண்ணுல படிச்சேன். ஆப்புல அந்தப் பேரைத் தட்டினா வருது. வாங்கிடலாமா? நான் வாங்கற பங்கை வெளியிட்டது அந்தக் கம்பெனிதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

உட்காருங்கள் தம்பி, டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம். பத்திரிகை சொன்னது பொய் இல்லை. ஆப் காட்டுவதும் பொய் இல்லை. ஆனாலும் பத்திரிகையில் இருக்கிற சுந்தரம் கிளேட்டன் ஒரு கம்பெனி, ஆப்பில் வருகிற சுந்தரம் கிளேட்டன் வேறொரு கம்பெனி.

நடந்தது இதுதான். 1962-இல் சென்னையில் தொடங்கிய சுந்தரம் கிளேட்டனிடம் இரண்டு சொத்து இருந்தது. ஒன்று, அலுமினியத்தை உருக்கி அச்சில் வார்த்து வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற தொழில். இன்னொன்று, டி.வி.எஸ். மோட்டாரில் பாதிக்குச் சற்று மேலான பங்கு. 2023-இல் வார்ப்புத் தொழிலை மட்டும் பிரித்து, சுந்தரம் கிளேட்டன் டி.சி.டி. என்ற இன்னொரு கம்பெனிக்கு மாற்றினார்கள். பழைய கம்பெனி தன் பெயரை டி.வி.எஸ். ஹோல்டிங்ஸ் என்று மாற்றிக்கொண்டது. தொழிலை வாங்கிக்கொண்ட கம்பெனி வாலில் இருந்த 'டி.சி.டி.'யை உதறிவிட்டு, வெறும் சுந்தரம் கிளேட்டன் ஆனது. பழைய கம்பெனியில் ஒரு பங்கு வைத்திருந்தவருக்குப் புதியதில் ஒரு பங்கு கிடைத்தது. இப்போது இரண்டுமே சந்தையில் தனித்தனியாக விலைபோகின்றன. விலையிலும் பல மடங்கு வித்தியாசம். நீங்கள் தேடிய டி.வி.எஸ். மோட்டார் பங்கு இருப்பது ஹோல்டிங்ஸிடம்தான்.

"அப்போ பேரை வச்சு நம்பக் கூடாதா?" என்கிறீர்கள். அநேகமாக எல்லோரும் வழுக்குவது இங்கேதான். பெயர்தான் கம்பெனி என்று நினைத்துக்கொள்கிறோம். பெயரை மாற்றலாம், இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கலாம், ஒரே சொல்லைச் சம்பந்தமே இல்லாத பலர் வைத்துக்கொள்ளலாம். ஆப்பில் 'சுந்தரம்' என்று தட்டிப் பாருங்கள். வட்டித் தொழில் செய்யும் சுந்தரம் ஃபைனான்ஸ் வரும். நோட்டுப் புத்தகம் போடும் சுந்தரம் மல்டி பேப் வரும். அது மும்பைக் கம்பெனி, சென்னை டி.வி.எஸ். குடும்பத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஃபாஸ்டனர்ஸ் கம்பெனியோ 'சுந்த்ரம்' என்று ஓரெழுத்துக் குறைத்து எழுதிக்கொள்வதால் சில நேரம் தேடலில் சிக்காமலே போய்விடும்.

நம் ஊரில் நிலம் வாங்குகிறவர் என்ன செய்கிறார்? 'பெரிய கொல்லை' என்று எவர் சொன்னாலும் தலையாட்டிவிட்டு, சர்வே நம்பரைக் கேட்கிறார். கொல்லையின் பெயர் ஆளுக்கு ஆள் மாறும், பட்டாவில் இருக்கிற எண் வாய்ச்சொல்லுக்கு மாறாது. பங்குக்கும் அப்படி ஓர் எண் உண்டு. அதை ஐசின் என்பார்கள். திரையில் ISIN என்று தெரியும். எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் பன்னிரண்டு இடம். இரண்டு கம்பெனியின் எண்களையும் அடுத்தடுத்து வைப்போம்:

```
TVS Holdings       INE105A01035
Sundaram-Clayton   INE0Q3R01026
```

முதலில் வரும் IN, இந்தியா. அடுத்த E, வெளியிட்டது ஒரு கம்பெனி என்பதற்கு. அதற்குப் பின்னால் வரும் நான்கு இடம்தான் நமக்கு வேண்டியது. ஹோல்டிங்ஸுக்கு 105A, இன்றைய சுந்தரம் கிளேட்டனுக்கு 0Q3R. அதுதான் சர்வே நம்பர். பின்னால் வரும் 01, இது சாதாரணப் பங்கு என்கிறது. மிச்சமிருப்பதில் இரண்டு இடம் வரிசை எண். கடைசி ஒன்று, எழுதும்போது பிழை விழுந்திருக்கிறதா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதற்கு.

இப்போது பழைய பத்திரிகைக்குத் திரும்புவோம். 2023-க்கு முன்னால் சுந்தரம் கிளேட்டன் என்ற பெயரில் விலைபோன பங்கின் எண் INE105A01035. அந்த எண் இன்று ஹோல்டிங்ஸிடம் இருக்கிறது. பெயர் போனது, எண் அங்கேயே நின்றது. நீங்கள் படித்த கம்பெனி எது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். யாரையும் நம் ஊர் வட்டப்பாறைக்கு முன் நிறுத்திச் சத்தியம் கேட்க வேண்டியதில்லை.

ஆப்பில் வருகிற சுருக்கக் குறியைப் பார்த்தால் போதாதா என்றால், போதாது. தேசியப் பங்குச் சந்தையில் பழைய கம்பெனிக்குப் பெயர் மாறுவதற்கு முன் இருந்த குறி SUNCLAYLTD. இன்றைய சுந்தரம் கிளேட்டனின் குறி SUNCLAY. மூன்று எழுத்து வித்தியாசம், அவசரத்தில் கண்ணில் படாது. குறியும் பெயரோடு சேர்ந்து மாறிவிடுகிற ஒன்றுதான்.

இதே குடும்பத்தில் இன்னொரு கதையும் உண்டு. சுந்தரம் கிளேட்டனின் பிரேக் தொழில் பல வருடம் முன்பே பிரிந்து வாப்கோ டி.வி.எஸ். ஆனது, பிறகு வாப்கோ இந்தியா ஆனது, இப்போது இசட்.எஃப். கமர்ஷியல் வெஹிக்கிள் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் என்று மூச்சு முட்டும் பெயரில் இருக்கிறது. வாப்கோ இந்தியாவுக்கு இருந்த INE342J01019 என்ற எண்தான் இன்றும் அதற்கு.

ஒரு சங்கதியை மட்டும் நினைவில் வையுங்கள். முகமதிப்பைப் பிரித்தால், அதாவது பத்து ரூபாய்ப் பங்கை இரண்டு ஐந்து ரூபாய்ப் பங்காக்கினால், புது எண் கொடுப்பார்கள். அப்போதும் வால்பக்கம்தான் மாறும், 105A மாதிரியான நான்கு இடம் மாறாது. அதனால் முழு எண் பொருந்தவில்லை என்றதும் பதற வேண்டாம். முதல் ஏழு இடத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கே பார்ப்பது? சந்தைகளின் இணையதளத்தில் கம்பெனிப் பக்கத்திலேயே ஐசின் இருக்கும். என்.எஸ்.டி.எல். தளத்தில் எண்ணைப் போட்டால் வெளியிட்ட கம்பெனியின் பெயர் வரும். பிறகு அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையைத் திறந்து, முகப்புப் பக்கங்களில் இருக்கும் நீளமான பதிவு எண்ணைத் தேடுங்கள். அதன் நடுவில் மாநிலத்துக்கு TN என்றும், ஒட்டினாற்போல் கம்பெனி பிறந்த வருடமும் இருக்கும். ஹோல்டிங்ஸில் 1962. இன்றைய சுந்தரம் கிளேட்டனில் 2017. அறுபது வருடப் பழைய கம்பெனி என்று நினைத்து வாங்கப் போனவருக்கு அந்த நாலு இலக்கமே பாதி பதில்.

வாங்கிய பிறகும் ஒரு தடவை பாருங்கள். டீமேட் கணக்கின் இருப்புப் பட்டியலில் ஒவ்வொரு பங்குக்கும் பக்கத்தில் ஐசின் இருக்கும். நீங்கள் குறித்துவைத்த எண்ணும் அதுவும் ஒன்றா என்று பார்த்தால் முடிந்தது.

"எண் இருந்தா நல்ல கம்பெனின்னு அர்த்தமா அண்ணா?" இல்லை தம்பி. வெளியிட்டது யார் என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்லாது. சந்தையில் பட்டியலாகாத கம்பெனிக்குக்கூட ஐசின் கிடைக்கும். வாட்ஸாப்பில் ஒருவர் "ஐசினே வந்தாச்சு, சீக்கிரம் பட்டியலாகப் போகுது" என்று பங்கு விற்க வந்தால், அவர் சொல்கிற எண் உண்மையாகவே இருக்கலாம். எண்ணைக் கேட்டு வாங்கி, யாருடையது என்று தேடுங்கள். பிறகு, அதே எண் என்.எஸ்.இ. அல்லது பி.எஸ்.இ. பக்கத்தில் விலைபோகிறதா என்று பாருங்கள். அங்கே இல்லையென்றால், அவர் சொல்கிற விலை அவராக வைத்த விலை. திருப்பி விற்க நினைக்கும் நாளில் வாங்குவதற்கும் நீங்கள் அவரையேதான் தேடிப் போக வேண்டியிருக்கும்.