போட்ட காசுக்கு எத்தனை வீதம்? பங்கிலாபக் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம்

வவுனியா பஸார் வீதியில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்யும் எனது நண்பர் ஒருவர் இருக்கிறார். வயதில் மூத்தவர் என்பதால் நான் அவரை நானா என்றே அழைப்பேன். ஒரு நாள் லுஹருக்குப் பிறகு அவரது கடைக்குப் போனபோது டயலொக் கம்பனியின் 2017ஆம் ஆண்டறிக்கையை மேசையில் விரித்து வைத்திருந்தார். "தம்பி, இதில பங்கிலாப விளைவு மூன்றரை வீதம் எண்டு போட்டிருக்கு. எனக்கு அரைவாசிதானே வந்திருக்கு. மற்ற அரைவாசி எங்க போனது?" என்று கேட்டார்.

எங்கும் போகவில்லை. அறிக்கை சொன்னதும் சரி, நானாவின் கைக்கு வந்ததும் சரி. இரண்டும் வெவ்வேறு கணக்குகள். பங்கு வைத்திருக்கும் நம் வியாபாரிகள் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். நானும் தடுமாறியவன்தான், அதைப் பின்னால் சொல்கிறேன்.

பங்கிலாப விளைவு என்பது ஒரு பங்குக்குக் கிடைத்த பங்கிலாபத்தை ஒரு விலையால் வகுத்து நூறால் பெருக்குவது. எந்த விலையால் வகுப்பது என்பதுதான் கேள்வி. ஆண்டறிக்கை, வருடக் கடைசி நாளில் பங்குச் சந்தையில் இருந்த விலையால் வகுக்கிறது. 2017ஆம் ஆண்டுக்கு டயலொக் அறிவித்த பங்கிலாபம் பங்கொன்றுக்கு 46 சதம். அந்த வருட முடிவில் பங்கின் விலை 13 ரூபாவைச் சுற்றி இருந்தது. 46 சதத்தை அந்த விலையால் வகுத்தால் மூன்றரை வீதம் வரும். நானாவோ 2007இல், விலை சூடாக இருந்த நேரத்தில், 1,000 பங்குகளை 25 ரூபா வீதம் வாங்கியவர். தரகுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 25,300 ரூபா போட்டிருக்கிறார். 1,000 பங்குக்கு 460 ரூபா வந்தது. 460ஐ 25,300ஆல் வகுத்தால் 1.82 வீதம். அவர் தேடிய அரைவாசி, அவர் கொடுத்த விலைக்குள் இருந்தது.

இனி எனது கணக்கு. 2005ஆம் ஆண்டு டயலொக் பொதுமக்களுக்கு முதன்முதலாகப் பங்கு வழங்கியபோது ஒரு பங்கின் விலை 12 ரூபா. அப்போது 1,000 பங்குகள் எடுத்தேன், 12,000 ரூபா. 2007இல் உரிமை வழங்கல் வந்தது. வைத்திருக்கும் 10 பங்குக்கு ஒரு புதிய பங்கு, விலை 21 ரூபா. அதிலும் 100 பங்குகள் எடுத்தேன், 2,100 ரூபா. இப்போது என்னிடம் 1,100 பங்குகள், போட்ட பணம் மொத்தம் 14,100 ரூபா. ஒரு பங்கின் சராசரி அடக்கவிலை 12 ரூபா 82 சதம். 2017க்கான பங்கிலாபம் 1,100 பங்குக்கு 506 ரூபா. அதை 14,100ஆல் வகுத்தால் 3.59 வீதம்.

பலர் உரிமைப் பங்குக்குக் கட்டிய பணத்தை மறந்துவிட்டு இன்னமும் "நான் 12 ரூபாவுக்கு வாங்கினேன்" என்றே கணக்குப் பார்க்கிறார்கள். சரக்கு இரண்டு விலையில் வந்தால் கடையில் சராசரி அடக்கவிலை பார்க்கும் மனிதர், பங்கில் மட்டும் ஏன் அதை விடுகிறார் என்று எனக்கு விளங்குவதில்லை. சந்தையில் வாங்கும்போது தரகர் அனுப்பும் கொள்வனவுச் சீட்டில் கட்டணங்கள் உட்பட ஒரு மொத்தத் தொகை இருக்கும். அதுதான் உங்கள் அடக்கம், மேலே உள்ள பங்கு விலை அல்ல.

வரியையும் பார்க்க வேண்டும். அந்தப் பங்கிலாபம் கைக்கு வந்தது 2018இல். அவ்வருடம் ஏப்ரல் முதல் பங்கிலாபத்தில் 14 வீதம் பிடித்துவைத்தல் வரி நடைமுறைக்கு வந்திருந்தது. 506 ரூபாவில் 14 வீதத்தைக் கழித்தால் 435 ரூபா சொச்சம். அப்போது எனது விளைவு 3.09 வீதமாக இறங்குகிறது. அந்த வரி 2020 ஜனவரியில் நீக்கப்பட்டது. 2023 ஜனவரி முதல் முற்பண வருமான வரியாக 15 வீதம் பிடிக்கப்படுகிறது. ஆகவே ஒரு வருடத்தை இன்னொரு வருடத்தோடு ஒப்பிடும்போது இரண்டையும் வரிக்கு முன் பாருங்கள், அல்லது இரண்டையும் வரிக்குப் பின் பாருங்கள். வங்கிப் புத்தகத்தில் விழுந்த தொகையையும் ஆண்டறிக்கையில் உள்ள தொகையையும் கலந்தால் கணக்குப் பிழைக்கும்.

அடுத்தது கொடுப்பனவு விகிதம். கம்பனி உழைத்த இலாபத்தில் எத்தனை வீதத்தைப் பங்குதாரருக்குக் கொடுத்தது என்பதை இது காட்டும். உங்கள் வாங்கிய விலைக்கு இதில் வேலையில்லை. பங்கொன்றுக்கான பங்கிலாபத்தைப் பங்கொன்றுக்கான உழைப்பால் வகுக்க வேண்டும். பங்கொன்றுக்கான உழைப்பு வருமானக் கூற்றின் அடியில் இருக்கும். டயலொக்கின் 2017 வரிக்குப் பிந்திய இலாபம் ஏறத்தாழ 10.8 பில்லியன் ரூபா, பங்குகள் ஏறத்தாழ 8.14 பில்லியன். ஆகவே பங்கொன்றுக்கான உழைப்பு ஏறத்தாழ 1 ரூபா 33 சதம். 46 சதத்தை அதனால் வகுத்தால் 35 வீதம் வருகிறது. நூறு ரூபா உழைத்து 35 ரூபாவைக் கொடுத்து 65 ரூபாவைத் தொழிலுக்குள் வைத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். கோபுரமும் கேபிளும் போட வேண்டிய தொழிலுக்கு அது விளங்கக்கூடியதே.

இந்த இடத்தில்தான் நான் பிழைவிட்டேன். முதலில் கணக்குப் போட்டபோது 29 வீதம் வந்தது. காசுப் பாய்ச்சல் கூற்றில் "செலுத்திய பங்கிலாபம்" என்ற வரியைக் கண்டு அந்தத் தொகையை எடுத்திருந்தேன். அது 2017க்குள் செலுத்தப்பட்ட பணம்தான், ஆனால் 2016ஆம் ஆண்டு இலாபத்துக்கான பங்கிலாபம், பங்கொன்றுக்கு 39 சதம். 2017க்கான 46 சதம் ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் அங்கீகரிக்கப்பட்டு 2018இல்தான் கொடுக்கப்பட்டது. போன வருடப் பங்கிலாபத்தை இந்த வருட இலாபத்தால் வகுத்தால் வரும் விடை எந்த வருடத்துக்கும் பொருந்தாது. பங்கிலாபம் பற்றிய குறிப்பை எடுத்து, இது எந்த ஆண்டுக்காக முன்மொழியப்பட்டது என்று வாசித்த பிறகே வகுக்க வேண்டும். இடைக்காலப் பங்கிலாபம் கொடுக்கும் கம்பனியாக இருந்தால் அதையும் இறுதிப் பங்கிலாபத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொரு கவனம். ஆண்டறிக்கையில் குழுமம், கம்பனி என்று இரண்டு நிரல்கள் இருக்கும். வழமையாகக் குழும உழைப்பை வைத்தே விகிதம் சொல்வார்கள். ஆனால் பங்கிலாபம் போவது தாய்க் கம்பனியின் கையிலிருந்து. குழும இலாபம் பெரிதாகவும் கம்பனி இலாபம் சிறிதாகவும் இருந்தால் இரண்டாலும் வகுத்துப் பாருங்கள்.

நட்டம் வந்த வருடத்தில் இந்த விகிதம் பேசாது. டயலொக் 2008லும் 2009லும் நட்டம் காட்டியது. 2022இல் ரூபா சரிந்தபோது டொலர்க் கடன்களின் பெறுமதி ஏறியதால் மீண்டும் நட்டம். நட்டத்தால் வகுத்தால் கழித்தல் குறியோடு ஒரு எண் வரும், அதில் பொருள் இல்லை. அப்படிப்பட்ட வருடத்தில் நான் பார்ப்பது தொழிலிலிருந்து உண்மையில் காசு வந்ததா என்பதைத்தான். மறுபுறம், விகிதம் நூறைத் தாண்டினால் கம்பனி அந்த வருடம் உழைத்ததைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறது, அதாவது பழைய சேமிப்பைக் கரைக்கிறது. ஒரு வருடத்துக்கு அது நடக்கலாம். மூன்று வருடம் தொடர்ந்தால், உயர்ந்த விளைவைக் கண்டு ஏமாறி வாங்கப் போகாதீர்கள்.

பங்குகள் பிரிக்கப்படும்போதும் பலர் குழம்புகிறார்கள். 2024இல் ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ் ஒவ்வொரு பங்கையும் பத்தாகப் பிரித்தது. பங்கு பத்து மடங்கானால் அடக்கவிலையும் பத்தில் ஒன்றாக வேண்டும். பழைய அடக்கவிலையை வைத்துக்கொண்டு புதிய பங்கிலாபச் சதத்தை வகுத்தவர், விளைவு பத்தில் ஒன்றாக விழுந்துவிட்டது என்று பதறுவார். இதற்கு எனது வழி எளிது. பங்கொன்றுக்கு என்று பார்க்காமல், வருடத்தில் வந்த மொத்தப் பங்கிலாபத்தைப் போட்ட மொத்தப் பணத்தால் வகுத்துவிடுவேன். பிரித்தாலும் சேர்த்தாலும் அந்தக் கணக்கு அசையாது.

நானா கடைசியாகக் கேட்டது, "அப்ப நான் வைக்கவா, விக்கவா?" என்று. அதற்கு 1.82 வீதம் பதில் சொல்லாது. 25 ரூபா போனது போனதுதான். இன்று விற்றால் அவர் கைக்கு வருவது இன்றைய விலை. 2017 கணக்கின்படி அந்தப் பணம் பங்கில் இருந்தபோது மூன்றரை வீதம் தந்தது. அதையே எடுத்துக் கடைச் சரக்கில் போட்டால், அல்லது ஒரு கடை அறை வாங்கி வாடகைக்கு விட்டால், எத்தனை வீதம் தரும் என்றே பார்க்க வேண்டும். வாங்கிய விலையில் போடும் கணக்கு நமது பழைய தீர்மானம் எப்படி இருந்தது என்று சொல்லும். சந்தை விலையில் போடும் கணக்குத்தான் இனிச் செய்ய வேண்டியதற்கு உதவும். எனது 3.59ஐயும் நான் பெருமையாகச் சொல்ல முடியாது. 2005இல் 12,000 ரூபாவுக்கு வாங்கக் கூடிய சீமெந்து மூடைகளை 2018இல் அதே பணத்துக்கு யாரும் தரவில்லை.

இந்தக் கணக்கை வன்னியில் போடுவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. முல்லைத்தீவுப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர், 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளம் போனவர், போருக்குப் பிறகு திரும்பி வந்தார். அவரிடம் ஒரு கம்பனியின் பழைய பங்குச் சான்றிதழ் இருந்தது. "இது ஒரு சதமும் தராத பங்கு" என்றார். நான் அந்தக் கம்பனியின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தேன். பல வருடங்கள் பங்கிலாபம் அறிவித்திருக்கிறது. காசோலைகள் போனது 1990க்கு முந்திய விலாசத்துக்கு. அந்த வீடும் இல்லை, தபாலை வாங்க ஆளும் இல்லை. கிளிநொச்சியில் இருந்து 2008, 2009இல் இடம்பெயர்ந்தவர்களுக்கும் இதே கதைதான்.

ஆகவே உங்களுக்கு வந்த காசை மட்டும் வைத்து விளைவைப் போடாதீர்கள். அறிவிக்கப்பட்டதை ஒரு நிரலிலும் கிடைத்ததை மறு நிரலிலும் வருடவாரியாக எழுதுங்கள். இரண்டும் ஒத்துவராத வருடங்களைக் குறித்து, சான்றிதழ் இலக்கத்துடனும் அடையாள அட்டைப் பிரதியுடனும் கம்பனிச் செயலாளருக்கு எழுதுங்கள். அவரது விலாசம் ஆண்டறிக்கையின் கம்பனித் தகவல் பக்கத்தில் இருக்கும். கோரப்படாத பங்கிலாபம் என்று ஒரு வரி ஐந்தொகைக் குறிப்புகளிலும் காணப்படும். பெரியவர் விலாசத்தை மாற்றி, வங்கிக் கணக்கிலக்கத்தையும் கொடுத்துவிட்டார். பழைய வருடங்களுக்கான கடிதத்தைப் போன வாரம்தான் இருவருமாக எழுதி முடித்தோம், மொத்தம் 11 வருடங்கள்.