சிமென்ட் மூட்டைக்குக் காற்று ஆகாது

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, பூச்சு வேலை நின்றுவிட்டது. கட்டி முடியாத வீட்டில் 40 மூட்டை சிமென்ட் மிச்சம். வீட்டுக்காரர் செய்யும் முதல் காரியம், நெல் மூட்டைக்குச் செய்வதுபோல ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விடுவது. சிமென்ட்டைக் கெடுக்க அதுவே போதும்.

தண்ணீர் பட்டால் இறுகுவதுதான் சிமென்ட்டின் குணம். அந்தத் தண்ணீர் ஒழுகித்தான் வரவேண்டும் என்றில்லை. மழைக்காலக் காற்றின் ஈரமே போதும். ஆலையில் சிமென்ட்டை நிரப்பும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேற வேண்டும் என்பதால், மூட்டையின் பிளாஸ்டிக் நெசவில் நுண்ணிய துளைகள் இருக்கும். காற்று வெளியே போகும் வழியில் ஈரம் உள்ளே வரும்.

ஆகவே ஒழுகாத ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து, கதவு ஜன்னலை அடைத்துவிடுங்கள். தரையில் இரண்டு வரிசை செங்கல், அதன்மேல் சென்டரிங் பலகை. தரையிலிருந்து அரையடி உயரம் கிடைத்துவிடும். சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி அடுக்க வேண்டும், ஏனென்றால் மழை நனைத்த வெளிச்சுவர் உள்பக்கமும் ஈரம் கசியும். ஓர் அடுக்கில் மூன்று மூட்டை நீளவாக்கிலும் இரண்டு குறுக்காகவும் வைத்து, அடுத்த அடுக்கில் இடம் மாற்றி வையுங்கள். அடுக்கு சரியாது. மூட்டைகள் ஒன்றோடொன்று நெருக்கமாக ஒட்டியிருக்கட்டும், இடைவெளி விட்டால் அதில் ஈரக்காற்று புகுந்துகொள்ளும். இப்படி எட்டு அடுக்கில் 40 மூட்டையும் அடங்கிவிடும். பத்து அடுக்குக்கு மேல் போகவே கூடாது. கடைசியாக, பலகையின்மேல் முன்பே விரித்த கனமான பாலிதீன் தாளை நான்கு பக்கமும் தூக்கி, மேலே இன்னொரு தாளால் மூடிவிட வேண்டும்.

மழை விட்டபின் அடி மூட்டை கல்போல இருந்தால் உடனே தூக்கி எறியாதீர்கள். மேலே இருக்கும் சுமை அழுத்தியே அப்படி ஆகியிருக்கலாம். மூட்டையைத் தரையில் உருட்டிப் பாருங்கள், இளகிவிட்டால் பழுதில்லை. பிரித்துப் பார்க்கும்போது விரலால் நசுக்கினால் தூளாகும் கட்டி பயப்படத்தக்கதல்ல. நசுங்காத கட்டி ஈரம் குடித்து இறுகியது, அதன் வேலை முடிந்துவிட்டது. சில மேஸ்திரிகள் அதைச் சலித்துவிட்டு மிச்சத் தூளைக் கான்கிரீட்டில் சேர்ப்பார்கள். கட்டியைக் கட்டியாக்கிய ஈரம் பக்கத்துத் தூளையும் தொட்டிருக்கும் என்பதால், தூணுக்கும் தளத்துக்கும் அதைப் போட நான் ஒப்பமாட்டேன்.

எவ்வளவு நன்றாக மூடினாலும் சிமென்ட்டுக்கு வயது ஏறும். மூட்டையில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். கடையில் இறக்கும்போதே அதைப் பார்த்து, பழையதை முதலில் எடுக்க வசதியாக அடுக்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் தாண்டிய மூட்டையைச் சோதித்துப் பார்க்காமல் கான்கிரீட்டுக்கு எடுக்கக் கூடாது. பிரித்த மூட்டையோ ஒரு வாரம்கூடத் தாங்காது. மிஞ்சியதை மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி, சில்லறைப் பூச்சு வேலைக்கு அடுத்த நாளே தீர்த்துவிடலாம்.