நாலரை மணிக்குப் பிறகு யார் பார்ப்பார்கள்?

டிப்ளமோ முடித்து வேலைக்குப் போகிறவர்கள் மாலை நேர பி.இ. படிக்கக் கோவையில் நெடுங்காலமாக வழி இருக்கிறது. சேரும்போது எல்லோரும் கட்டணத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். வகுப்பு தொடங்கியதும் வேலை நேரம் குறுக்கே வந்து நிற்கிறது. அப்போது மேலாளருக்கு எழுதும் கடிதம் பெரும்பாலும் படிப்பின் அருமையைச் சொல்லும், குடும்பச் சூழலைச் சொல்லும். மேலாளருக்குத் தெரிய வேண்டியதை மட்டும் விட்டுவிடும்.

குறிச்சி சிட்கோவில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் தரப் பரிசோதகராக இருக்கும் இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஜெனரல் ஷிப்ட், காலை 9 முதல் மாலை 5.30 வரை. பீளமேட்டில் வகுப்பு 6.15க்குத் தொடங்குகிறது. உக்கடம் வழியாக மாலை நெரிசலில் போய்ச் சேர முக்கால் மணிக்கு மேல் ஆகும். தினமும் முதல் பாடத்தின் தொடக்கத்தை இழப்பார், வருகைப் பதிவும் குறையும். எனவே 8 முதல் 4.30 வரை என்று மாற்றிக் கேட்கிறார். அரை மணி சாப்பாட்டு இடைவேளை போக முன்பும் 8 மணி நேரம், இப்போதும் 8 மணி நேரம். வாரம் ஆறு நாளுக்கு 48 மணி நேரக் கணக்கில் ஒரு நிமிடமும் குறையவில்லை.

இந்தக் கணக்கு சரியாக இருப்பதாலேயே கடிதம் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். மேலாளர் மனத்தில் ஓடுவது வேறு கேள்வி. நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையில் லாரியில் ஏறும் சரக்கை யார் பார்ப்பது? கடைசிப் பரிசோதனை முடியாமல் ஒரு பெட்டி வெளியே போய்த் திரும்பி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். இதற்கு விடை இல்லாத கடிதத்துக்கு 'பார்க்கலாம்' என்ற பதில்தான் வரும்.

விடை அந்த இளைஞரின் கையிலேயே இருக்கிறது. மெஷின் ஷாப் காலை 8 மணிக்கே ஓடத் தொடங்குகிறது. பரிசோதகர் வரும்வரை முதல் பீஸை ஆபரேட்டரே அளந்து பார்த்துக்கொள்கிறார். செட்டிங் தவறியிருந்தால் ஒரு மணி நேர உற்பத்தி ரிஜெக்ட் ஆகும். அவர் 8 மணிக்கே வந்தால் அந்த இடைவெளி அடைபடும். மாலைச் சரக்குக்குச் சக பரிசோதகரிடம் முன்கூட்டியே பேசிச் சம்மதம் வாங்கிக்கொள்கிறார். அதன் பிறகு எழுதுகிறார்:

"பொருள்: மாலை நேர வகுப்புக்காக வேலை நேரத்தை மாற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் மாலை நேர பி.இ. படிப்பில் சேர்ந்துள்ளேன். திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6.15க்கு வகுப்பு. இந்த ஐந்து நாட்களும் காலை 8 முதல் மாலை 4.30 வரை பணியாற்ற அனுமதி வேண்டுகிறேன். சனிக்கிழமையும் கல்லூரி விடுமுறைக் காலத்திலும் வழக்கமான நேரத்துக்கே வருவேன். காலை 8 மணிக்கே முதல் பீஸ் பரிசோதனையை முடித்துத் தருவேன். 4.30க்குப் பிறகு அனுப்பும் சரக்கைப் பார்த்துக்கொள்ள உடன் பணியாற்றும் பரிசோதகர் சம்மதித்துள்ளார். முதல் செமஸ்டர் முடியும்வரை இதை அனுமதித்து, வேலையில் குறை இருந்தால் மாற்றியமைக்கலாம். சேர்க்கைக் கடிதமும் கால அட்டவணையும் இணைத்துள்ளேன்."

ஒரு செமஸ்டருக்கு மட்டும் என்று கேட்டது நல்ல யோசனை. படிப்பு முடியும்வரைக்கும் சரி என்று சொல்லத் தயங்குபவர் சில மாதத்துக்குச் சொல்லிவிடுவார். 'உனக்குக் கொடுத்தால் நாளைக்கு நாலு பேர் வந்து கேட்பார்களே' என்ற தயக்கத்துக்கு இணைப்புகள்தான் பதில். அதே காரணமும் அதே ஏற்பாடும் உள்ளவர்தான் அடுத்து வந்து கேட்க முடியும்.

மறுத்தால்? படிப்புக்காக வேலை நேரத்தை மாற்றித் தர வேண்டும் என்று தனியார் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை. சண்டை போடுவதில் பயனில்லை. எந்த நாள், எந்த வேலை இடிக்கிறது என்று கேட்டுக்கொள்வது மேல். ஷிப்ட் முறை உள்ள இடமானால், சுழற்சியில் இல்லாமல் காலை ஷிப்டிலேயே வைக்கும்படி கேட்கலாம்.

மேலாளர் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. இங்கேதான் பலருக்குச் சம்பளம் பிடிபடுகிறது. 'சரிப்பா, போயிட்டு வா' என்று அவர் சொன்னது பஞ்ச் மெஷினுக்குத் தெரியாது. ஷிப்ட் நேரம் மென்பொருளில் மாறாதவரை 4.30க்கு வைக்கும் விரல் 'சீக்கிரம் வெளியேறியது' என்றே பதிவாகும். மாதக் கடைசியில் அரை நாள் சம்பளம் போகும். தொழிற்சாலையின் வேலை நேர அறிவிப்பிலும் புதிய நேரம் ஏற வேண்டும். அதை மனிதவளப் பிரிவுதான் செய்ய முடியும். எனவே கடிதத்தின் நகலை அவர்களுக்கும் அனுப்புங்கள். அவர்களிடமிருந்து எழுத்தில் பதில் வரும்வரை பழைய நேரத்திலேயே வேலை பாருங்கள்.